காலாண்டுக் கொள்முதல் தள்ளுபடியைக் கணக்கு காட்டிக் கேட்டுப் பெறுதல்

காலாண்டுக் கொள்முதல் தள்ளுபடி பில்லில் கழிந்து வருவதில்லை. மூன்று மாதத்தில் வாங்கிய சரக்கின் மொத்த மதிப்பு முன்பே ஒப்புக்கொண்ட ஓர் அளவைத் தொட்டால், அந்த மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, கம்பெனி பின்னர் கிரெடிட் நோட்டாகத் தருகிறது. காலாண்டு முடிந்த பிறகு இரண்டு தரப்பும் தனித்தனியே கூட்டிப் பார்க்கும் தொகை இது. அதனால் இரண்டு கூட்டலும் ஒத்துப்போகாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. தொகையைப் பெறும் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டு கூட்டலையும் ஒன்றாக்குவதுதான்; கடிதம் எழுதுவது அதன் கடைசிப் பகுதி.

ஈரோட்டில் பிவிசி பைப் விற்கும் ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கம்பெனியின் ஸ்கீம் சர்க்குலர்படி, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான கொள்முதல் 10 லட்சம் ரூபாயை எட்டினால் 1 சதவீதம், 15 லட்சத்தை எட்டினால் 2 சதவீதம், 25 லட்சத்தை எட்டினால் 3 சதவீதம்.

முதலில் செய்ய வேண்டியது அந்தச் சர்க்குலரை எடுத்து மூன்று விஷயங்களைப் படித்து உறுதி செய்வது. ஒன்று, எட்டிய ஸ்லாபின் சதவீதம் மொத்தக் கொள்முதலுக்கும் பொருந்துமா, அந்த ஸ்லாபுக்குள் விழும் பகுதிக்கு மட்டுமா என்பது. வித்தியாசம் சிறியதல்ல. கொள்முதல் 25,31,200 ரூபாய் என்றால், மொத்தத்துக்கும் 3 சதவீதம் என்ற முறையில் 75,936 ரூபாய் வரும். ஸ்லாப் ஸ்லாபாகக் கணக்கிட்டால் முதல் 10 லட்சத்துக்கு ஒன்றுமில்லை, அடுத்த 5 லட்சத்துக்கு 5,000, அதற்கடுத்த 10 லட்சத்துக்கு 20,000, மீதி 31,200 ரூபாய்க்கு 936, ஆக 25,936 ரூபாய்தான். சர்க்குலரின் வாசகம் இதில் தெளிவாக இல்லையென்றால் காலாண்டு தொடங்கும்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிவிட வேண்டும். கடைக்கு வரும் சேல்ஸ் பிரதிநிதி வாயால் சொன்னது மூன்று மாதம் கழித்து நிற்காது. அதற்குள் அவர் வேறு ஏரியாவுக்கு மாறியிருக்கலாம்.

இரண்டாவது, கொள்முதல் என்று எதைக் கூட்டுகிறார்கள் என்பது. பெரும்பாலும் ஜிஎஸ்டி சேராத மதிப்புதான் கணக்கு. திருப்பிய சரக்கு கழியும். சில பொருள் வகைகள் ஸ்கீமில் சேராது. பில் தேதி கணக்கா, சரக்கு வந்த தேதி கணக்கா என்பதையும் பார்க்க வேண்டும். செப்டம்பர் 30 பில் அக்டோபர் 3-ல் வந்து இறங்கினால் அது எந்தக் காலாண்டு என்ற கேள்வி எழும். மூன்றாவது, நிபந்தனைகள். பில்களுக்கு 45 நாளுக்குள் பணம் செலுத்தியிருக்க வேண்டும், செக் திரும்பியிருக்கக் கூடாது, காலாண்டு முடிந்து இத்தனை நாளுக்குள் கோர வேண்டும் என்பவை வழக்கமானவை.

அடுத்து சொந்தக் கூட்டல். இதைக் கம்பெனியின் பெயரில் உள்ள லெட்ஜரிலிருந்து எடுப்பது தவறு. லெட்ஜரில் ஜிஎஸ்டி சேர்ந்த தொகைதான் இருக்கும். அங்கே 26 லட்சம் என்று பார்த்து 25 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக நினைத்தால், 18 சதவீத வரியை நீக்கியதும் அது சுமார் 22 லட்சமாகிவிடும். கொள்முதல் பதிவேட்டில் வரிக்கு முந்தைய மதிப்புள்ள பத்தியைத்தான் கூட்ட வேண்டும். லாரி வாடகை போன்ற செலவுகள் பில்லில் தனி வரியாக இருந்தால் அவற்றையும் தனியே வைக்க வேண்டும். சர்க்குலர் சேர்க்கச் சொன்னால் மட்டுமே சேர்க்கலாம்.

ஈரோட்டுக் கடையில் ஜூலை 7,84,000, ஆகஸ்ட் 8,26,500, செப்டம்பர் 9,62,300, ஆக 25,72,800 ரூபாய். உடைந்து வந்ததற்காகத் திருப்பிய பைப்புக்கு 41,600 ரூபாய் கிரெடிட் நோட் வந்திருக்கிறது. கழித்தால் 25,31,200. மூன்றாவது ஸ்லாப் எட்டியாகிவிட்டது.

இந்தக் கூட்டலைக் கம்பெனியிடம் காட்டும் முன் ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு சரிபார்ப்பது மிகவும் பயன்தரும். கம்பெனி தன் விற்பனையை அறிவித்த கணக்கிலிருந்தே இது உருவாகிறது. அதனால் இதில் உள்ள பில்லை ‘எங்கள் பில் இல்லை’ என்று அவர்கள் சொல்ல முடியாது. ஒரு மாதத்துக்கான 2பி அடுத்த மாதம் 14-ஆம் தேதி கிடைக்கும். ஆகவே செப்டம்பர் காலாண்டுக் கோரிக்கையை அக்டோபர் 15-ஐ ஒட்டி அனுப்புவதே உசிதம். அதற்கு முன் அனுப்பினால் செப்டம்பர் பில்களுக்கு இந்தச் சான்று இருக்காது. சர்க்குலர் தந்த அவகாசம் அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் சொந்தப் பதிவேட்டை வைத்து முதலில் அனுப்பிவிட்டு 2பி-யைப் பின்னால் சேர்க்கலாம்.

இப்போது கம்பெனியின் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். ஈரோட்டுக் கடைக்கு வந்த பட்டியலில் மொத்தம் 24,46,700 ரூபாய் என்றிருந்தது. அதாவது 84,500 ரூபாய் குறைவு. அந்தக் குறைவு ஸ்லாபையே மாற்றிவிடுகிறது: 24,46,700-க்கு 2 சதவீதம் என்றால் 48,934 ரூபாய், கடைக்காரர் எதிர்பார்த்ததைவிட 27,002 ரூபாய் குறைவு. ஸ்லாபின் விளிம்பில் நிற்கும் கணக்கில் ஒரே ஒரு பில் இவ்வளவு செய்யும்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மொத்தத்தோடு மொத்தத்தை வைத்து வாதிடுவதில் பயனில்லை. இரண்டு பட்டியலையும் பில் எண் வரிசையில் அடுக்கி, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாததைத் தேட வேண்டும். வித்தியாசம் ஒரு பில்லின் தொகைக்குச் சரியாக இருந்தால் அந்தப் பில் விடுபட்டிருக்கிறது. பல பில்களில் சிறு சிறு தொகையாகச் சிதறியிருந்தால், ஸ்கீமில் சேராத பொருள்களைக் கம்பெனி கழித்திருக்கலாம். காலாண்டின் கடைசி நாள் பில்கள் மட்டும் இல்லையென்றால் தேதிக் கணக்கில் கருத்து வேறுபாடு. ஈரோட்டுக் கடையில் விடுபட்டது செப்டம்பர் 22 தேதியிட்ட 84,500 ரூபாய் பில். அந்த வாரம் கோயம்புத்தூர் டிப்போவில் சரக்கு இல்லாததால் சேலம் டிப்போவிலிருந்து அனுப்பி, அங்கே வேறு டீலர் எண்ணில் பில் போட்டிருந்தார்கள். பில் எண்ணின் தொடக்க எழுத்துகள் மாறியிருந்ததே அதைக் காட்டிக்கொடுத்தது. டிப்போ மாறினாலும் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணும் கடையின் ஜிஎஸ்டி எண்ணும் மாறவில்லை என்பதால் 2பி-யில் அந்தப் பில் மற்றவற்றோடு சேர்ந்தே இருந்தது.

இந்த வேலை முடிந்த பிறகு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கலாம். ஏரியா சேல்ஸ் மேனேஜருக்கு அனுப்பி, கணக்குப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்புவது நல்லது. சேல்ஸ் ஆள் ஒப்புக்கொண்டாலும் கிரெடிட் நோட் போடுவது கணக்குப் பிரிவுதான். ஈரோட்டுக் கடை எழுதியது ஏறத்தாழ இப்படி:

“மதிப்பிற்குரிய ஐயா, ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கான தங்கள் ஸ்கீம் சர்க்குலரின்படி, கொள்முதல் ரூ.25 லட்சத்தை எட்டினால் ஜிஎஸ்டி நீங்கலான மொத்த மதிப்பில் 3 சதவீதம் தள்ளுபடி. எங்கள் கொள்முதல் ரூ.25,72,800. திருப்பிய சரக்கு ரூ.41,600 போக நிகரம் ரூ.25,31,200. இதற்கு வர வேண்டியது ரூ.75,936. தங்கள் பட்டியலில் ரூ.24,46,700 என்றுள்ளது. சேலம் டிப்போவின் செப்டம்பர் 22 தேதியிட்ட ரூ.84,500 பில் அதில் சேரவில்லை. பில் நகல், பில் வாரியான பட்டியல், ஜிஎஸ்டிஆர்-2பி, எல்லாப் பில்களுக்கும் 45 நாளுக்குள் பணம் செலுத்திய விவரம் ஆகியவற்றை இணைத்துள்ளோம். அந்தப் பில்லைச் சேர்த்து, ரூ.75,936-க்கான கிரெடிட் நோட்டை இம்மாத இறுதிக்குள் வழங்கக் கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் ஸ்லாப், கணக்கின் அடிப்படை, மொத்தம், கழிவு, சதவீதம், தொகை என்ற வரிசை முக்கியம். படிப்பவர் எந்த இடத்தில் மறுக்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும். ‘இவ்வளவு வருஷமாக உங்களிடம் வாங்குகிறோம்’ என்ற வாக்கியம் கோரிக்கையைச் சலுகையாக மாற்றிவிடும் என்பதால் அதைச் சேர்க்காதிருப்பதே மேல். கம்பெனியின் கணக்கே இறுதியானது என்று பல சர்க்குலர்கள் சொல்கின்றன. ஆகவே குறைந்த தொகைக்குக் கிரெடிட் நோட் வந்து, அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பிறகு மறுப்பதைவிட, பட்டியல் நிலையிலேயே தீர்த்துக்கொள்வது எளிது.

கிரெடிட் நோட் வந்ததும் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டியோடு போட்டிருந்தால் 75,936 ரூபாயோடு 18 சதவீத வரி 13,668 ரூபாயும் சேர்ந்து 89,604 ரூபாய் லெட்ஜரில் வரவாகும். ஆனால் அந்த 13,668 ரூபாய் உள்ளீட்டு வரியைக் கடை திருப்பிச் செலுத்த வேண்டும். கடைக்கு மிஞ்சுவது 75,936 ரூபாய்தான். முழுத்தொகையையும் லாபமாக எழுதிவிட்டு வரியைத் திருப்ப மறப்பது பின்னால் நோட்டீஸாக வரும். வரியில்லாத, கணக்குக்கான கிரெடிட் நோட் என்றால் 75,936 மட்டும் வரவாகும், உள்ளீட்டு வரியைத் தொட வேண்டியதில்லை. வரியோடு கூடிய கிரெடிட் நோட்டுக்குக் காலக்கெடு உண்டு: நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது கம்பெனி தன் ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் அதை அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு வரியைக் குறைத்துக்கொள்ள வழியில்லை. வரியில்லாத கிரெடிட் நோட்டே மிச்சம்.

கிரெடிட் நோட் தாமதமானால் அடுத்த பில்லில் அந்தத் தொகையைத் தானாகக் கழித்துக்கொண்டு பணம் அனுப்பும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. இது ஆபத்தானது. கம்பெனியின் கணக்கில் அந்தப் பில் பாக்கியாக நிற்கும், 45 நாள் தாண்டும், அடுத்த காலாண்டின் நிபந்தனை அதனாலேயே உடையும். முழுத்தொகையையும் செலுத்திவிட்டுக் கடிதத்தின் மேல் நினைவூட்டல் அனுப்புவதே சரி. அதேபோல் செப்டம்பரில் வாங்கியதை அக்டோபரில் திருப்பினால் சில கம்பெனிகள் அதைப் பழைய காலாண்டிலேயே கழித்து ஸ்லாபை மறுகணக்கிடும். ஈரோட்டுக் கடை 25 லட்சத்துக்கு மேல் நிற்பது 31,200 ரூபாய் அளவில்தான். அதற்கு மேல் சரக்கைத் திருப்பினால் 3 சதவீதமே போய்விடும். திருப்புவதற்கு முன் சர்க்குலரில் இந்த விதியைப் பார்க்க வேண்டும்.