ஒரு பூச்சியம் கூடியதால் கெட்ட இரும்பு



ஒரு பட்டறையில் நான் பார்த்த நிகழ்ச்சியிலிருந்து இன்றைய பாடத்தைத் தொடங்குவோம். தகடு வெட்டும் அச்சு ஒன்று அங்கே இருந்தது. அது டி2 வகை எஃகு. தடிமன் 50 மி.மீ. ஏற்கெனவே கடினமாக்கப்பட்ட அதில் புதிதாகத் துளையிட வேண்டியிருந்தது. அதற்கு முதலில் எஃகை மென்மையாக்க வேண்டும். உலையில் சூடேற்றி, மிக மெதுவாக ஆறவிட்டால் எஃகு மென்மையாகும். இம்முறைக்கு அனீலிங் என்று பெயர்.

மறுநாள் துளையிட்டபோது துளைப்பான் கீச்சிட்டு முனை கருகியது. அச்சு இன்னும் கடினமாகவே இருந்தது. எங்கே தவறு?

உலையின் நேர அட்டவணை

உலையின் கட்டுப்பாட்டுக் கருவியில் வெப்பநிலையைப் படிப்படியாகப் பதிவு செய்வார்கள். அந்த அச்சுக்கு இருந்திருக்க வேண்டிய படிகள் இவை:

1. ஏற்றம்: 30°C-இலிருந்து 650°C வரை, மணிக்கு 200°C. நேரம் 3 மணி 6 நிமிடம்.
2. நிறுத்தம்: 650°C-இல் 1 மணி நேரம்.
3. ஏற்றம்: 850°C வரை, மணிக்கு 100°C. நேரம் 2 மணி.
4. நிறுத்தம்: 850°C-இல் 2 மணி நேரம்.
5. ஆறவிடுதல்: 650°C வரை, மணிக்கு 10°C. நேரம் 20 மணி.

மொத்தம் 28 மணி 6 நிமிடம். அதன்பின் அச்சை வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடலாம்.

ஏன் நின்று நின்று ஏற வேண்டும்?

வெப்பம் எஃகின் வெளிப்புறத்திலிருந்து உள்ளே செல்கிறது. அவசரமாகச் சூடேற்றினால் வெளிப்புறம் முதலில் விரியும். உட்புறம் விரியாமல் இழுத்துப் பிடிக்கும். 10 செ.மீ. நீள எஃகில் 100°C வேறுபாடு இருந்தால் விரிவில் ஏறத்தாழ 0.12 மி.மீ. வேறுபாடு வரும். இதனால் அச்சு வளையலாம், விரிசலும் விடலாம். 650°C-இல் நிறுத்துவது உட்புறம் வெளிப்புறத்தை எட்டிப் பிடிப்பதற்காகத்தான்.

850°C-இல் நிற்கும் நேரத்தைத் தடிமனைக் கொண்டு கணக்கிடுவார்கள். 25 மி.மீ.க்கு ஒரு மணி நேரம் என்பது பட்டறைகளில் பழக்கமான கணக்கு. ஆனால் உலை 850°C-ஐத் தொட்டவுடன் எஃகும் தொட்டுவிட்டதாக நினைக்கக் கூடாது. அதனால் எஃகின் மீதும் ஒரு தெர்மோகப்பல் வைத்து, அது 850°C-ஐ நெருங்கிய பிறகே நிறுத்த நேரத்தை எண்ணத் தொடங்குவார்கள்.

அந்த தெர்மோகப்பல் தரும் வரைபடத்தில் ஓர் அழகான காட்சி தெரியும். ஏறத்தாழ 800°C-ஐ ஒட்டி எஃகின் கோடு சற்றுப் படுத்துவிடும். பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏறாமல் நிற்பதைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? இங்கே எஃகு உருகவில்லை. அணுக்கள் வேறொரு அமைப்புக்கு மாறுகின்றன. அந்த மாற்றம் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது.

இருபது மணி நேரம் எதற்கு?

ஆறும்போது அணுக்கள் மீண்டும் அமைப்பு மாறும். அப்போது கரிம அணுக்கள் இரும்பைவிட்டு விலகிச் சேர்ந்துகொள்ள நேரம் வேண்டும். நேரம் கிடைத்தால் எஃகு மென்மையாகும். கிடைக்காவிட்டால் கரிமம் இரும்புக்குள்ளேயே சிக்கிக்கொண்டு எஃகைக் கடினமாக்கும். டி2 எஃகில் குரோமியம் ஏறத்தாழ 12 விழுக்காடு இருப்பதால் இந்த மாற்றம் மிகவும் மெதுவாக நடக்கும். அதனால்தான் இவ்வகை எஃகைத் தண்ணீரில் அமுக்காமல், காற்றில் ஆறவிட்டே கடினமாக்க முடிகிறது.

ஆறவிடும்போது உலையின் சூடேற்றி அணைந்துவிடுவதில்லை. வெப்பநிலை வேகமாக விழாமல் இருக்க அது விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருக்கும்.

தவறு எங்கே?

ஐந்தாம் படியில் 10 என்பதற்குப் பதிலாக 100 என்று பதிவாகியிருந்தது. 20 மணி நேரம் ஆற வேண்டிய எஃகு 2 மணி நேரத்தில் ஆறிவிட்டது. தொடங்கும் முன் நேரங்களைக் கூட்டிப் பார்த்திருந்தால் 28 மணிக்குப் பதிலாக 10 மணி என்று வந்திருக்கும். தவறு அப்போதே தெரிந்திருக்கும். வெளியே எடுத்த பின்னும் அரத்தால் ஒருமுறை தேய்த்திருக்கலாம். மென்மையான எஃகை அரம் கடிக்கும். கடின எஃகின் மேல் வழுக்கும்.

நல்ல வேளை, அச்சு பாழாகவில்லை. சரியான எண்ணோடு மீண்டும் உலைக்குள் வைத்தார்கள். இழந்தது ஒரு துளைப்பானும் ஒரு நாளும்.

பயிற்சி: ஐந்தாம் படியில் மணிக்கு 8°C என்று பதிவு செய்தால், மொத்த நேரம் எவ்வளவு?

(விடை: 33 மணி 6 நிமிடம்)