மணி வடிவம் எங்கிருந்து வருகிறது: விரவல் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

நீண்ட மெல்லிய குழாயில் அகார் கூழை நிரப்பி, நடுவில் ஒரு பொட்டு சர்க்கரைக் கரைசலை வைத்தால், சர்க்கரை இருபுறமும் மெல்ல விரவும். வெறும் தண்ணீரில் இதைச் செய்தால், கனமான கரைசல் அடியில் இறங்கி நீரோட்டத்தை உண்டாக்கிவிடும்; கூழ் அதைத் தடுக்கிறது. குழாயின் முனைகளைச் சர்க்கரை எட்டாதவரை, குழாயை இருபுறமும் முடிவில்லாத ஒரு கோடாகக் கருதலாம். x என்னும் இடத்தில் t நேரத்தில் உள்ள செறிவு u என்றால், அது பின்வரும் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும்:

∂u/∂t = D ∂²u/∂x²

D என்பது விரவல் கெழு. 25 °C நீரில் சர்க்கரைக்கு அது நொடிக்குச் சுமார் 5×10⁻¹⁰ சதுர மீட்டர். வெப்பக் கடத்தலுக்கும் இதே சமன்பாடுதான். ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூல் வெப்பத்தைப் பற்றியது.

நம்பிக்கை: பொட்டு மணி வடிவில் இருந்தால்தான் பரவலும் மணி வடிவில் இருக்கும்.

தொடக்க வடிவத்துக்கும் இறுதி வடிவத்துக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு கிடையாது. காரணம் ஃபூரியே உருமாற்றத்தில் தெளிவாகத் தெரியும். எந்தத் தொடக்க வடிவத்தையும் பல அலைநீளங்கள் கொண்ட அலைகளின் கூட்டாக எழுதலாம். கோட்டுக்கு முனை இல்லாததால் எந்த அலைநீளத்துக்கும் இடமுண்டு. ஆகவே தொடருக்குப் பதில் தொகையீடு வருகிறது. அலைநீளம் λ என்றால் k = 2π/λ என்பது அலைவெண். ஓர் அலையை x-ஐப் பொறுத்து இருமுறை வகையிட்டால் அதே அலை −k² மடங்காகத் திரும்பி வரும். எனவே பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, ஒவ்வொரு k-க்கும் தனித்தனியான எளிய சமன்பாடாகப் பிரிந்துவிடுகிறது. அதன் விடை:

û(k,t) = û(k,0) e^(−Dk²t)

இங்கே û என்பது அந்த அலையின் வீச்சு. எந்த அலையும் இடம்பெயர்வதில்லை, இன்னோர் அலையோடு கலப்பதுமில்லை. இருந்த இடத்திலேயே வீச்சு குறைகிறது. குறுகிய அலைகள் விரைவில் அழியும். 1 மில்லிமீட்டர் அலை ஏறத்தாழ 51 நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும். 1 சென்டிமீட்டர் அலைக்கு அதே குறைவு ஏற்பட ஏறத்தாழ 84 நிமிடம் ஆகும். அலைநீளம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது.

மொத்தச் சர்க்கரை ஓர் அலகு, அதுவும் ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது என்று கொண்டால், எல்லா அலைகளும் சம வீச்சோடு தொடங்கும். அப்போது t நேரத்தில் எஞ்சுவது e^(−Dk²t) மட்டுமே. அதைத் திருப்பி உருமாற்றினால் கிடைப்பது:

G(x,t) = e^(−x²/4Dt) / √(4πDt)

இதுவே உட்கரு எனப்படும் மணி வளைவு. வேறு எந்தத் தொடக்கத்தையும் இத்தகைய புள்ளிகளின் தொகுப்பாகக் கருதி, ஒவ்வொன்றின் மணி வளைவையும் கூட்டினால் விடை வரும். விடை சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: வளைவின் கீழுள்ள பரப்பு எப்போதும் மாறாதிருக்க வேண்டும். k = 0 என்னுமிடத்தில் e^(−Dk²t) எப்போதும் 1 என்பதன் பொருளும் அதுதான். பரப்பு குறைந்தால் கணக்கில் எங்கோ சர்க்கரை தொலைந்திருக்கிறது.

ஒன்றுக்குப் பதில் இரண்டு பொட்டுகளை, நடுவிலிருந்து இடமும் வலமும் 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் இரண்டு முகடுகள் இருக்கும். ஒவ்வொரு மணியின் திட்ட விலக்கமும் √(2Dt). அது 5 மில்லிமீட்டரை எட்டும் கணத்தில் நடுப்பள்ளம் மறைந்து ஒரே முகடாகிறது. அதற்கு 25,000 நொடி, அதாவது ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். அதன் பிறகு நாள்கள் செல்லச் செல்ல, அங்கே இரு பொட்டுகள் இருந்தன என்பதற்கான தடயம் கரைந்து, ஒற்றை மணியே தெரியும்.

ஆனால் எதிலிருந்து தொடங்கினாலும் மணிதான் வரும் என்று சொல்வதும் பிழையே. கூழ் முழுவதும் சீராகச் சர்க்கரை இருக்க, ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் பக்கத்தில் அதே அளவு குறைவாகவும் வைத்தால், மிகைகுறையின் மொத்தம் பூச்சியம். k = 0 என்னுமிடத்தில் எஞ்சுவதற்கு ஒன்றுமில்லை; ஒரு மேடும் ஒரு பள்ளமும் கொண்ட வளைவுதான் நிலைக்கும்.

நம்பிக்கை: இரட்டிப்பு நேரத்தில் இரட்டிப்புத் தூரம் பரவும்.

அகலம் √(2Dt) என்பதால், இரட்டிப்புத் தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும். சர்க்கரை ஒரு நிமிடத்தில் கால் மில்லிமீட்டரும் ஒரு நாளில் 9 மில்லிமீட்டரும் விரவும். அகலம் ஒரு மீட்டராக வேண்டுமென்றால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அறையின் ஒரு மூலையில் திறந்த அத்தர் மறுமூலையில் மணப்பதை விரவலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் வழக்கம் பாடநூல்களில் உண்டு. காற்றில் இத்தகைய ஆவிகளின் D நொடிக்குச் சுமார் 10⁻⁵ சதுர மீட்டர். அந்தக் கணக்கில் மூன்று மீட்டர் அகலத்துக்கு ஐந்து நாளுக்கு மேல் ஆகும். மணம் சில நிமிடங்களிலேயே வந்துவிட்டால், அதைக் கொண்டுவந்தது காற்றோட்டம்தான்.

நம்பிக்கை: கணத்தில் எங்கும் போய்ச் சேருவதால் சமன்பாடே தவறு.

உட்கரு எந்த x-இலும் பூச்சியமாவதில்லை என்பது உண்மை. t எவ்வளவு சிறியதானாலும், தொலைதூரத்தில் கொஞ்சம் சர்க்கரை இருப்பதாகவே சமன்பாடு சொல்லும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரு நிமிடத்துக்குப் பிறகு 1 சென்டிமீட்டர் தொலைவில் x²/4Dt ஏறத்தாழ 833; அங்குள்ள செறிவு நடுவில் உள்ளதில் ஏறத்தாழ 10⁻³⁶² பங்கு. குழாயில் உள்ள மூலக்கூறுகளை வைத்துப் பார்த்தால், அங்கே ஒன்றுகூட இருக்காது. சமன்பாடு பெருந்திரளான மூலக்கூறுகளின் சராசரியைச் சொல்வது. திரளே இல்லாத வால் பகுதியில் அதன் எண்ணை எழுத்துக்கு எழுத்து நம்பக்கூடாது. மணியின் உடற்பகுதியில் அது நன்றாகவே பொருந்துகிறது.

நம்பிக்கை: இறுதி வளைவை அளந்து, கணக்கைத் திருப்பி ஓட்டினால் தொடக்கத்தை மீட்கலாம்.

தாளில் எளிதுதான்: e^(+Dk²t)-ஆல் பெருக்கினால் போதும். ஆனால் அளவீட்டில் எப்போதும் பிழை உண்டு. அந்தப் பெருக்கம் பிழையையும் சேர்த்தே ஊதிப் பெருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 1 மில்லிமீட்டர் அலையை மீட்க ஏறத்தாழ 10³¹ ஆல் பெருக்க வேண்டும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத அளவுப் பிழையும் பெரும் அலைகளாக எழுந்து, உண்மையான வடிவத்தை மூழ்கடித்துவிடும். விடையில் அடர்த்தியான ஏற்ற இறக்கங்களும், எதிர்ம மதிப்புள்ள செறிவுகளும் தோன்றினால் இதுதான் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதனால் ஓர் எல்லைக்கு மேற்பட்ட அலைவெண்களை வெட்டிவிட்டே திருப்பிக் கணக்கிடுகிறார்கள். தொடக்க வீச்சில் நூறில் ஒரு பங்கு துல்லியத்தோடு அளந்தால், ஒரு மணி நேரத்துக்குப் பின் சுமார் 4 மில்லிமீட்டருக்கும் நீண்ட அலைகளையே மீட்க முடியும். அளவியை நூறு மடங்கு துல்லியமாக்கினாலும் அந்த எல்லை 2.8 மில்லிமீட்டருக்குத்தான் இறங்கும்.