‘அந்தப் பகுதி வரவே இல்லை’ என்னும் மறுப்புக்கு விடை எழுதுதல்

பில் அனுப்பி ஒரு மாதம் கழிந்தபின், “இதில் கண்ட ஒரு வேலை எங்களுக்கு வந்து சேரவே இல்லை” என்று கடிதம் வருவது சிறுதொழில் நடத்துவோர் பலர் அறிந்த இடர். அதற்கு எவ்வாறு விடை எழுதுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம். மனிதரும் தொகையும் நாம் கற்பித்தவை. சட்டமும் முறையும் உண்மையானவை.

தில்லி முனிர்காவில், டி.டி.ஏ. குடியிருப்பு ஒன்றில், இருவர் மொழிபெயர்ப்பகம் நடத்துகின்றனர். ஆறு பயிற்சிப் பாடங்களைத் தமிழாக்கப் பணி ஆணை பெற்றனர். பாடத்திற்கு ரூ.30,000, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து மொத்தம் ரூ.2,12,400. தவணை, வேலையை ஏற்ற நாளிலிருந்து 30 நாள். ஜூன் 3 அன்று ஆறு பாடங்களும் மின்னஞ்சலில் சென்றன. ஜூலை 16 அன்று, “ஆறாம் பாடம் வரவில்லை; ஆகவே பில்லை நிறுத்தி வைத்துள்ளோம்” என்று பதில் வந்தது.

உடனே சினந்து எழுதுவதும், கோப்பை மறுபடி அனுப்பி வைப்பதும் தவறு. விளக்கமின்றி மறுபடி அனுப்பினால், அந்நாளே முதன்முதலாக ஒப்படைத்த நாள் என்று பின்னர் வாதிட இடமுண்டு. அனுப்பத்தான் வேண்டுமெனில், “ஜூன் 3 அன்று அனுப்பியதன் நகல்” என்று தெளிவாக எழுதியே அனுப்ப வேண்டும்.

அடுத்து, சான்றுகளை எடைபோட வேண்டும். அனுப்பிய அஞ்சல் நம் பெட்டியில் இருப்பது, அது புறப்பட்டதை மட்டுமே காட்டும். பெரிய கோப்பாயின் திரும்பி வந்திருக்கலாம். இணைப்பு முகவரியாக அனுப்பியிருந்தால் அதன் காலம் முடிந்திருக்கலாம். “கிடைத்தது” என்னும் எதிர்த்தரப்பின் சொல் இதனினும் வலியது. எல்லாவற்றினும் வலியது, அவர்கள் அவ்வேலையைப் பயன்படுத்தியதற்கான தடயம். நம் எடுத்துக்காட்டில் அது இருந்தது: ஆறாம் பாடத்தின் 14ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணைத் தலைப்பை மாற்றுமாறு ஜூன் 11 அன்று அவர்களே எழுதியிருந்தனர். திருத்தம் ஜூன் 13 அன்று சென்றது. கைக்கு வராத பாடத்தில் எவரும் பிழை காண இயலாது.

ஆயினும் அக்கடிதம் மற்றொன்றையும் செய்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்படைத்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிடில், வேலை ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். தெரிவித்தால், அவ்வாட்சேபத்தை நீக்கிய நாளே ஏற்ற நாள். எனவே ஜூன் 3 முதல் நாள் எண்ணாமல், ஜூன் 13 முதல் எண்ணுவதே பாதுகாப்பு. 30 நாள் தவணை ஜூலை 13 அன்று முடிகிறது. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருப்பினும், சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 45 நாள்.

இனி விடை. அது நான்கே செய்திகளைச் சொல்லட்டும்:

“ஆறாம் பாடம் ஜூன் 3 அன்று அனுப்பப்பட்டது. அதன் 14ஆம் பக்கம் குறித்துத் தாங்கள் ஜூன் 11 அன்று எழுதிய அஞ்சலும், ஜூன் 13 அன்று நாங்கள் அனுப்பிய திருத்தமும் இணைப்பில் உள்ளன. மறுப்பற்ற ஐந்து பாடங்களுக்குரிய ரூ.1,77,000 தவணை கடந்துள்ளதால், அதனை இப்போதே செலுத்தக் கோருகிறோம். எஞ்சிய ரூ.35,400 குறித்து மாற்றுக் கருத்து இருப்பின், ஏழு நாளுக்குள் காரணத்துடன் எழுதுக. பகுதித் தொகையைப் பெறுவதால் மீதியை நாங்கள் விட்டுக்கொடுத்ததாகாது.”

இறுதி வரி இன்றியமையாதது. பகுதித் தொகையை அனுப்பி, “முழுக் கணக்கும் தீர்ந்தது” என்று குறிப்பெழுதுவோர் உண்டு.

தேடிப் பார்க்கையில் அப்பாடம் உண்மையிலேயே அனுப்பப்படவில்லை எனத் தெரிந்தால், ஒப்புக்கொள்வதே நலம். அதனைப் புதிய தேதியுடன் ஒப்படைக்கலாம், அல்லது ரூ.35,400க்குக் கிரெடிட் நோட் வழங்கலாம். ஜி.எஸ்.டி. கணக்கில் அதற்குக் காலவரம்பு உண்டு: நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நாள், இவற்றில் முந்தியது.

விடைக்குப் பின்னும் பணம் வராவிடில், உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்கள் வசதியாக்கல் மன்றத்தை அணுகலாம். தாமதத்திற்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். ஆனால் பதிவை ஒப்பந்தத்திற்கு முன்பே பெற்றிருப்பதே பாதுகாப்பு. பின்னர் பெற்ற பதிவு முந்தைய ஒப்பந்தத்திற்கு உதவாது என 2022இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இனிவரும் பணிகளில், ஒவ்வொரு பகுதியையும் தனி அஞ்சலில், பணி ஆணையின் வரிசை எண்ணைத் தலைப்பிலிட்டு அனுப்புங்கள். “கிடைத்தது” என ஒரு வரி கேட்டுப் பெறுங்கள். பில்லின் ஒவ்வொரு வரியிலும் ஒப்படைத்த தேதியையும் எழுதுங்கள். தேதி தாங்கிய பில்லை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து மறுப்பது எவர்க்கும் எளிதன்று.