தொகுதி எண் இல்லாத கட்டுரை

யட்டியாந்தோட்டை

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தையும் உசாத்துணைப் பட்டியலையும் வாசித்து முடித்தேன். பால் வெட்டும் பெண்களோடு நீ நடத்திய நேர்காணல்களைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. அதற்குத் தனிக் கடிதம் வரும். இன்றைக்கு, பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் நீ எழுதியிருந்த கேள்விக்கு மட்டும் பதில். "இந்தக் கட்டுரைக்குத் தொகுதி எண்ணும் இல்லை, பக்கமும் இல்லை. இதழில் வராததை மேற்கோள் காட்டக் கூடாது என்கிறார்கள். எடுத்துவிடவா சேர்?"

எடுக்காதே. உனக்கு அப்படிச் சொன்னவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பேச்சை இப்போதும் கேட்க நேர்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. ஒரு கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் பார்த்து, ஆசிரியர் குழு ஏற்று, மெய்ப்புத் திருத்தி, பதிப்பகம் தன் தளத்தில் டி.ஓ.ஐ. எண்ணோடு ஏற்றிவிட்டால் அது அன்றைக்கே வெளிவந்துவிட்டது. எந்தத் தொகுதி, எந்த இதழ், எத்தனையாம் பக்கம் என்பதெல்லாம் பிறகு நடக்கும் அடுக்கல் வேலை. தாளையும் தபாலையும் நம்பியிருந்த காலத்தில் வாசகன் கைக்குக் கட்டுரை வந்து சேர இதழ் ஒன்றே வழியாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஆண்டுக்கு இத்தனை இதழ், இதழுக்கு இத்தனை பக்கம் என்ற ஒதுக்கீட்டுக்காகக் கட்டுரை காத்துக் கிடக்கிறது, வாசிப்பு காத்திருப்பதில்லை.

உன் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். வெர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவரின் பெயரில் மூன்று பதிவுகள் போட்டிருக்கிறாய். ஒன்று 2019, அடுத்தது 2019b, மூன்றாவது 2021. முதலாவது தனிக் கட்டுரை, அதில் குறையில்லை. மற்ற இரண்டும் ஒரே கட்டுரை! நேர்காணலில் புதிதாக எதுவும் வராத கட்டத்தில் நிறுத்திவிட்டோம் என்று எல்லோரும் சொல்லிக்கொள்ளும் 'தரவு நிறைவு' என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்கும் கட்டுரை அது. 2019 டிசம்பரில் இணையத்தில் வந்தது. 13ஆம் தொகுதியின் 2ஆம் இதழில் இடம் கிடைத்தது 2021இல். இடைப்பட்ட காலத்தில் வாசித்தவர்கள் 2019 என்று எழுதினார்கள், பிறகு வந்தவர்கள் 2021 என்று எழுதினார்கள். நீ ஒன்றை முன்னைய மாணவர் ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்திருக்கிறாய், மற்றதைச் சஞ்சிகையின் தளத்திலிருந்து எடுத்திருக்கிறாய். தலைப்பு சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதைக் கவனிக்கவில்லை. அதனால் உன் அத்தியாயத்தில் "பிரவுனும் கிளார்க்கும் இதை இரண்டு இடங்களில் வலியுறுத்துகிறார்கள்" என்ற வாக்கியம் வந்துவிட்டது. அவர்கள் ஒரு தடவைதான் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க ஆண்டைப் பார்க்காதே, டி.ஓ.ஐ.யைப் பார். கட்டுரை இணையத்தில் மட்டும் இருந்தபோதும் சரி, இதழுக்குள் போன பின்பும் சரி, அந்த எண் மாறாது. பதிவின் வால்பகுதி மட்டும் எப்படி மாறுகிறது என்று பார்:

```
(2019). ... Advance online publication.
https://doi.org/10.1080/2159676X.2019.1704846

(2021). ... 13(2), 201–216.
https://doi.org/10.1080/2159676X.2019.1704846
```

மேலே இருப்பது உன் துறை கேட்கும் ஏ.பி.ஏ. முறைப்படி இதழ் ஒதுக்கப்படும் முன் எழுத வேண்டிய வடிவம். கீழே இருப்பது ஒதுக்கப்பட்ட பின். தொகுதியும் பக்கமும் இருக்க வேண்டிய இடத்தில் முன்வெளியீடு என்ற குறிப்பு நிற்கிறது. வெற்றிடத்தை நிரப்பவேண்டும் என்று 00 என்றோ, ஆண்டில்லை என்றோ எழுதுவது தவறு. இணையத்தில் வந்த ஆண்டு கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

அந்த எண்ணுக்குள் 2019 என்று இருப்பதையும் பார்த்திருப்பாய். 10.1080 பதிப்பகத்துக்கு உரிய முன்னொட்டு. அடுத்து நிற்பது சஞ்சிகையின் ஐ.எஸ்.எஸ்.என். 2019 என்பது எண் ஒதுக்கப்பட்ட ஆண்டு. பல மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் ஆண்டை எழுதுகிறார்கள். எண்ணுக்குள் ஆண்டு வைப்பது இந்தப் பதிப்பகத்தின் வழக்கம், அவ்வளவுதான். அதிலிருந்து வெளியீட்டு ஆண்டைக் கணிக்கக் கூடாது.

பக்க எண்ணிலும் கவனம் தேவை. உன் கையில் இருக்கும் பழைய பிரதி 1ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. இதழில் அதே கட்டுரை 201ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. "பக். 5" என்று நீ காட்டிய நேர் மேற்கோளை 2021 பதிவோடு சேர்த்துப் பார்க்கும் பரீட்சகர் அப்படி ஒரு பக்கமே இல்லை என்றுதான் நினைப்பார். இதழில் வந்த பிரதியைப் பதிவிறக்கி, வாக்கியம் அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட்டு, புதிய பக்க எண்ணைப் போடு. இதழ் ஒதுக்கப்படாத கட்டுரையானால் உபதலைப்பின் பெயரையும் பந்தியின் வரிசையையும் சொன்னால் போதும்.

அப்படியானால் எந்த ஆண்டை எழுதுவது? பட்டியலில் 2021. இறுதி வடிவம் வந்துவிட்டால் அதையே காட்டவேண்டும் என்பது முறை, அதை மீறாதே. ஆனால் இதில் எனக்கு நெடுநாளாக ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. ஒரு வாதம் எப்போது எழுந்தது என்று வரலாறு சொல்லும்போது, அது வாசகர் கண்ணில் பட்ட நாளைத்தான் சொல்லவேண்டும். 2020இல் வெளிவந்த கட்டுரை ஒன்று இவர்களின் வாதத்துக்கு மறுமொழி சொல்கிறது என்று வைத்துக்கொள். நீ அதை 2020 என்றும் மூலத்தை 2021 என்றும் எழுதினால், கேள்வி பிறக்குமுன் பதில் பிறந்துவிடுகிறது. இந்தத் தலைகீழ் வரிசையை நல்ல நூல்களிலும் கண்டிருக்கிறேன். காணும்போதெல்லாம் ஓரத்தில் திருத்தி வைக்கிறேன். ஆகவே பந்திக்குள் "2019 டிசம்பரில் இணையத்தில் வெளியான இக்கட்டுரை" என்று ஒரு சொற்றொடர் சேர்த்துவிடு. பட்டியல் 2021 என்று சொல்லட்டும். இரண்டும் உண்மை, இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதில்லை.

இதழுக்கு முந்திய கட்டுரையை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அதில் உள்ள ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. கொரோனாக் காலத்தில் நடந்த ஒன்றை நான் நாளுக்கு நாள் பின்தொடர்ந்து வாசித்தேன். 2020 மே 22 அன்று 'தி லான்செட்' மருத்துவச் சஞ்சிகை மந்தீப் மெஹ்ராவும் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்றை இணையத்தில் வெளியிட்டது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்ற தரவை வைத்து, ஹைட்ரொக்சிகுளோரோகுயின் கொடுத்தவர்களிடையே இறப்பு கூடுதல் என்றது அது. மூன்றே நாளில், மே 25 அன்று, உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தியதை அறிவித்தது. பிறகு நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி, தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். தரவைக் கொடுத்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் சுயாதீன ஆய்வுக்கு அதைத் திறந்து காட்டவில்லை. ஜூன் 3 அன்று பரிசோதனையைத் தொடரலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஜூன் 4 அன்று நான்கு ஆசிரியர்களில் மூவர் கட்டுரையை மீளப்பெற்றார்கள். அது தொகுதி எண்ணும் பக்கமும் பெறவேயில்லை. இணையத்தில் பிறந்து, இரண்டு கிழமைக்குள் அங்கேயே செல்லாததாகி, அதற்குள் பல பட்டியல்களில் ஏறிவிட்டது.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, அதனால்தான் இதழ் வரும்வரை காத்திருக்கவேண்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். அது தப்பான முடிவு. தாளில் அச்சாகிப் பல வருடம் கழித்து மீளப்பெற்ற கட்டுரைகளும் இருக்கின்றன. இதழ் எண் யாரையும் காப்பதில்லை. இங்கே நடந்த பிழை, முதல் நாள் பதிவிறக்கிய பிரதியை வைத்துக்கொண்டு மறுபடி தளத்துக்குப் போகாததுதான். மீளப்பெற்ற கட்டுரையின் பக்கத்தில் RETRACTED என்று போட்டிருப்பார்கள். உன் கைத்தொலைபேசியில் கிடக்கும் பி.டி.எஃப். அதை அறியாது. பல சஞ்சிகைகளின் பிரதியில் முதல் பக்கத்தில் Check for updates என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். இணைப்பு இருக்கும்போது அதை அழுத்தினால் கட்டுரையின் இன்றைய நிலை திறக்கும். திருத்தம் வந்திருந்தாலும் அங்கே தெரியும். ஆய்வேட்டைக் கட்டக் கொடுப்பதற்கு முந்திய கிழமையில் முன்வெளியீடு என்று குறித்த ஒவ்வொரு பதிவின் டி.ஓ.ஐ.யையும் திறந்து பார். இதழ் கிடைத்திருந்தால் வால்பகுதியை மாற்று. சோட்டேரோ போன்ற மென்பொருள் நீ சேமித்த அன்றைய விபரத்தையே வைத்திருக்கும், தானாகப் புதுப்பிக்காது.

பட்டியலின் கடைசியில் உன் மேற்பார்வையாளரின் கட்டுரையை "அச்சில்" என்று போட்டிருக்கிறாய். அது வேறு நிலை, இதோடு குழப்பாதே. ஏற்றுக்கொள்ளப்பட்டு இன்னும் எங்கும் வெளிவராத கட்டுரைக்குத்தான் அந்தச் சொல். ஆண்டு இருக்கவேண்டிய அடைப்புக்குள்ளேயே in press என்று வரும். வருங்கால ஆண்டை ஊகித்து எழுதக் கூடாது. எல்செவியர் தன் தளத்தில் Articles in Press என்று தலைப்பிட்டு வைத்திருக்கும் கட்டுரைகள் டி.ஓ.ஐ.யோடு வெளிவந்தவை. தலைப்பைப் பார்த்து ஏமாந்து அவற்றையும் "அச்சில்" என்று போடுவோர் ஏராளம். அவை முன்வெளியீடுகள், ஆண்டோடு எழுதவேண்டியவை.

மேற்பார்வையாளரிடம் ஏற்புக் கடிதம் வந்துவிட்டதா என்று கேள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வெளிவராததைக் காட்ட அவருடைய எழுத்துமூல அனுமதியும் உனக்கு வேண்டும், மருத்துவச் சஞ்சிகைகள் அதை வெளிப்படையாகவே கேட்கின்றன. கடிதம் வரவில்லை, இன்னும் மதிப்பீட்டில் இருக்கிறது என்றால் "அச்சில்" என்பதை வெட்டிவிட்டு, வெளியீட்டுக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி என்று குறித்து, எழுதிய ஆண்டைப் போடு. எந்தச் சஞ்சிகைக்கு அனுப்பினார் என்பதை அப்போது எழுதவே கூடாது. நிராகரிக்கப்பட்டால் அந்தச் சஞ்சிகையின் பெயர் உன் ஆய்வேட்டில் பொய்யாக நின்றுவிடும்.

திருத்திய பட்டியலை அனுப்பு. மூன்றாம் அத்தியாயத்தின் அந்த "இரண்டு இடங்களில்" வாக்கியத்தையும் மறக்காமல் மாற்று.

அன்புடன்,
உன் ஆசிரியர்