இரண்டு கையெழுத்து, ஒரு கடன்: தம்பதியருக்கு 9 குறிப்புகள்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில்தான். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது நடந்தது. வங்கிப் படிவத்தில் பெண் தன் பெயரில் கையெழுத்துப் போடும் பழக்கம் இங்கே ஒரு தலைமுறைக்கு மேல் பழையது. இன்று வீட்டுக் கடன், வண்டிக் கடன், குழு லோன், நகைக் கடன் என்று ஒரே குடும்பத்தில் நாலைந்து கடன்கள் ஓடுகின்றன. குடும்பம் சேர்ந்திருக்கும்வரை எது யார் கடன் என்று யாரும் கேட்பதில்லை. பிரிவு வரும்போது அதுதான் முதல் கேள்வியாகிறது. அதற்கு விடை கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருக்கிறது.

1. எந்த இடத்தில் கையெழுத்து என்று பாருங்கள்

கடன் பத்திரத்தில் இணைக் கடன்தாரர் என்று கையெழுத்திட்டால் முழுக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு. பாதிக்கு மட்டும் என்பது கிடையாது. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 43 இதைத் தெளிவாகச் சொல்கிறது: சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டாலும் பிரிவு 128-ன்படி பொறுப்பு கடன் வாங்கியவருக்குச் சமம்தான்.

மிகவும் சிக்கலான நிலை ஒன்று உண்டு. கடனில் மனைவி பெயர் இருக்கும், கிரயப் பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் இருக்கும். வருமானம் போதவில்லை என்று வங்கி கேட்டதால் சேர்த்த பெயர் அது. பிரிந்தால் வீடு அவருக்கு, கடன் இருவருக்கும். ஆகவே கடனில் பெயர் சேர்த்தால் பத்திரத்திலும் சேருங்கள்.

2. தனிக் கடன் தனிக் கடன்தான்

கணவர் தனியாக வாங்கிய கடனுக்கு, மனைவி கையெழுத்திடாதவரை, அவர் பொறுப்பில்லை. மனைவி வாங்கியதற்குக் கணவருக்கும் அப்படியே. வசூலுக்கு வருபவர் "நீங்கள்தானே மனைவி, நீங்கள் கட்டுங்கள்" என்றால் உங்கள் கையெழுத்து இருக்கும் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பதற்றத்தில் புதிதாக எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

கடன்தாரர் இறந்துவிட்டால், அவர் விட்டுப்போன சொத்தில் வாரிசுக்கு வந்த அளவுவரைதான் கடன் தொடரும். வாரிசின் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது.

3. குழு லோனில் குடும்பமே ஒரு கணக்கு

சிறுகடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் கடன் சிறுகடன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

மாதம் 20,000 ரூபாய் வரும் வீட்டில் 10,000 ரூபாய்தான் எல்லை. கணவரின் பைக் தவணை, மற்ற கடன்கள் எல்லாம் சேர்ந்து 7,000 ஆகிவிட்டால் மீதி 3,000 ரூபாய்க்கு மேல் புதுத் தவணை சேர்க்கக் கூடாது. ஒருவர் கடனை மற்றவரிடம் மறைத்தால் இந்தக் கணக்கு பொய்யாகி, இருவரும் சேர்ந்து மூழ்குவார்கள். இப்படி வாங்கிய கடனை வசூலிக்கக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பதும் அதே விதியில் உள்ளது.

குழுவில் வாங்கி வீட்டுக்காரரிடம் கொடுத்த பணமும் வாங்கியவர் பேரில்தான் நிற்கும். பிரிந்து தாய்வீடு போனாலும் கூடவே வரும். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். பிற்பாடு காட்ட அந்தப் பதிவு உதவும்.

4. நகையை உங்கள் பெயரிலேயே அடகு வையுங்கள்

மனைவியின் நகை, கணவர் பெயரில் அடகுச் சீட்டு என்பது நம் ஊரில் சாதாரணம். பிரிந்தபின் அந்த நகையை மீட்கும் உரிமை சீட்டில் பெயர் உள்ளவருக்குத்தான் போகிறது. மனைவியின் நகை மனைவி பெயரிலேயே அடகில் இருக்கட்டும். கடை பில், எடை, கல்யாணப் புகைப்படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

கேரளத்து வழக்கு ஒன்றில், பிறந்த வீட்டில் போட்ட 89 சவரன் நகையைக் கணவரும் அவர் தாயாரும் தங்கள் பழைய கடன்களை அடைக்கச் செலவழித்துவிட்டதாக மனைவி வழக்குத் தொடர்ந்தார். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. பெண்ணின் சீதனம் தம்பதியரின் கூட்டுச் சொத்து ஆகாது. நெருக்கடியில் கணவர் பயன்படுத்தினாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

5. கட்டிய பணத்துக்குத் தடம் விடுங்கள்

கூட்டுக் கடனில் ஒருவர் தன் பங்குக்கு மேல் கட்டினால், மற்றவரிடம் அந்தக் கூடுதலைக் கேட்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் அதே பிரிவு 43 அதற்கு வழி தருகிறது. வேறு ஏற்பாடு இல்லை என்றால் பங்கு சரிபாதி. ஆனால் ரொக்கமாகக் கையில் கொடுத்திருந்தால் நிரூபிப்பது கடினம். தவணையை உங்கள் கணக்கிலிருந்தே அனுப்பி, "வீட்டுக் கடன், ஜூன் தவணை" என்று குறிப்பு எழுதுங்கள். முன்பணம் யார் போட்டது, பெற்றோர் தந்தது எவ்வளவு என்பதையும் வாங்கிய அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைப்பது நல்லது.

6. பிரிந்த முதல் வாரத்தில் வங்கிக்கு ஒரு கடிதம்

தவணை பெரும்பாலும் ஒருவர் சம்பளக் கணக்கில் தானாகப் பிடிக்கப்படும். அவர் ஓசூருக்கோ பெங்களூருவுக்கோ போய் வேறு கணக்குக்குச் சம்பளத்தை மாற்றினால் தவணை திரும்பிவிடும். மற்றவருக்குத் தெரிவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். ஆகவே இப்படி எழுதுங்கள்:

"இந்தக் கடனில் நான் இணைக் கடன்தாரர். என் புது முகவரியும் கைபேசி எண்ணும் இவை. கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட்டையும் இன்றைய நிலுவையையும் தர வேண்டுகிறேன். என் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் இந்தக் கடனில் டாப்-அப் எதுவும் தர வேண்டாம்."

கடிதத்தின் நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூடவே உங்கள் சிபில் அறிக்கையைப் பாருங்கள். சிபில் உள்ளிட்ட ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் ஓடும் கடன் அதில் தென்படும்.

7. வீட்டுக் கடனைத் தீர்க்க மூன்று வழி: ஒரு கணக்கு

எடுத்துக்காட்டுக்கு, அரூர் பக்கம் ஒரு தம்பதி. இருவர் பெயரிலும் வீடு, இருவர் பெயரிலும் 12 லட்சம் ரூபாய்க் கடன், 9 சதவீத வட்டி, 15 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 12,170 ரூபாய். ஐந்து ஆண்டு கட்டியபின் பிரிகிறார்கள். கட்டியது சுமார் 7.3 லட்சம், ஆனால் முதல் ஆண்டுகளில் வட்டியே அதிகம் போவதால் நிலுவை இன்னும் சுமார் 9.6 லட்சம். வீட்டின் இன்றைய மதிப்பு 20 லட்சம் என்றால், கடன் போக மிஞ்சுவது 10.4 லட்சம், ஆளுக்கு 5.2 லட்சம்.

முதல் வழி, வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பது. மிகச் சுத்தமானது. இரண்டாவது, மனைவி வீட்டை எடுத்துக்கொண்டு, கணவருக்கு 5.2 லட்சம் தந்து, 9.6 லட்சம் கடனைத் தன் பேரில் ஏற்பது. நகைப் பாக்கியும் ஜீவனாம்சமும் இருந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு மனைவியின் தனிச் சம்பளம் தவணையைத் தாங்க வேண்டும். 24,000 ரூபாய் சம்பளத்தில் 12,170 தவணை என்றால் பாதிக்கும் மேல், வங்கி தயங்கும். காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். மூன்றாவது, வேறு வங்கிக்குத் தன் பேரில் மட்டும் கடனை மாற்றுவது. தனிநபர் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது என்பதால் இது நடைமுறைக்கு ஏற்றது.

8. தீர்ப்பு வங்கியைக் கட்டாது, வரிசை முக்கியம்

"கடனைக் கணவரே கட்டுவார்" என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருந்தாலும், அது உங்கள் இருவருக்குள்தான். அந்த வழக்கில் வங்கி கட்சி இல்லை. அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் வரும். நீங்கள் கட்டி அவரிடம் வசூலிக்க வேண்டும்.

இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத மனுவுக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பின்பு ஆறு மாத இடைவெளி. அந்த இடைவெளியை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தக் காலத்துத் தவணை யார் பொறுப்பு என்று மனுவிலேயே மாத வாரியாக எழுதுங்கள். ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2020-ன் ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்பு. அங்கே கடன் ஸ்டேட்மென்ட் உதவும்.

வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை, வங்கியின் சம்மதம் வாங்கி, தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்யுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்கிடையே முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 என 2023 ஜூலையில் நிர்ணயித்தார்கள். மேலே சொன்ன வீட்டில் 10 லட்சம் மதிப்புள்ள பாதிப் பங்குக்கு இரண்டும் சேர்ந்து 20,000 ரூபாய். தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் கணவன், மனைவி அல்ல, சலுகை போய்விடும். அன்றைய கட்டணத்தைச் சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, "இணைக் கடன்தாரரை விடுவித்தோம்" என்று வங்கி எழுதிக் கொடுத்தால்தான் விடுதலை. மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது செல்லாது. இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கடன் உங்கள் பெயரிலிருந்து போயிருக்கிறதா என்று பாருங்கள்.

9. தவணை ஏற்கெனவே தவறிவிட்டால்

தவணை தவறி 90 நாள் தாண்டினால் கடன் வாராக் கடன் ஆகும். பின்பு 2002-ன் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்குப் பிறகே வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை. நோட்டீஸ் கணவர் முகவரிக்கே போகும் என்று விட்டுவிடாமல் நீங்களே கிளைக்குப் போய் எழுத்தில் பதில் கொடுங்கள்; அவகாசம் கேளுங்கள்.

கடிதத்துக்கு 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். தர்மபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100. கடன் பத்திரத்தின் நகலையும் ஸ்டேட்மென்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.