மருந்துக்கடைக்கு ஆள் தேடும்போது

கேள்வி: முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி அருகே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "மருந்து மேலாண்மை, வாடிக்கையாளர் உறவு மேம்பாடு, குழுத் தலைமை, 5 ஆண்டு அனுபவம், சரளமான ஆங்கிலம்" என்று விளம்பரம் கொடுத்தேன். பொருத்தமானவர் யாரும் வரவில்லையே?

பதில்: உங்கள் கடையில் ஒருநாள் நடப்பதை முதலில் எழுதுங்கள். "மருந்து மேலாண்மை" என்றால் என்ன? சீட்டைப் படித்து மருந்து கொடுப்பது, எப்போது சாப்பிட வேண்டும் என்று தமிழில் சொல்வது, காலாவதித் தேதி பார்ப்பது, இன்சுலின் இருக்கும் ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று கவனிப்பது, பில் போடுவது. இவற்றையே போடுங்கள். உதவிக்கு ஒரு பையன்தான் என்றால் "குழுத் தலைமை"யை எடுத்துவிடுங்கள்.

தகுதியில் ஒன்றில் மட்டும் தளராதீர்கள். 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவுபெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை! டி.ஃபார்ம் அல்லது பி.ஃபார்ம், மருந்தியல் கவுன்சில் பதிவு என்று முதல் வரியிலேயே போடுங்கள். சீட்டிலுள்ள ஆங்கிலப் பெயர்களைப் பிழையின்றிப் படித்தால் போதும்; சரளமாகப் பேச வேண்டியதில்லை. 5 ஆண்டு அனுபவம் கேட்டால், விக்கிரவாண்டியிலோ விழுப்புரத்திலோ இப்போதுதான் படித்து முடித்துப் பதிவு செய்த பெண் விண்ணப்பிக்கவே தயங்குவார். இரவு வேலை உண்டென்றால் நேரத்தையும், கூடவே சம்பளத்தையும் எழுதிவிடுங்கள்.