ஸ்க்ரைப் தேடும்போது படிப்பையும் பார், வாசிப்பையும் பார்

ஹால் டிக்கெட் வந்த பிறகு ஸ்க்ரைப் தேடலாம் என்று இருந்துவிடாதே தங்கச்சி. மத்திய அரசுத் தேர்வுகளில் விண்ணப்பம் நிரப்பும்போதே ஸ்க்ரைப் வேண்டுமா, நீயே கூட்டி வருவாயா, அவர்களே தர வேண்டுமா என்று கேட்டுவிடுவார்கள். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் அந்த முடிவை உன்னிடமே விட்டது. 2025-ல் வந்த புது வழிகாட்டுதல், தேர்வு நடத்துகிறவர்களே ஆள் தருவதன் பக்கம் சாய்கிறது. அதனால் சொந்த ஆள் செல்லுமா என்பதை ஒவ்வொரு அறிவிக்கையிலும் புதிதாகப் படித்துப் பார். போன வருஷம் அக்கம்பக்கத்தில் யாரோ கூட்டிப்போனதை நம்பி விண்ணப்பிக்காதே.

சொந்த ஆள் செல்லும் என்றால், 2018 வழிகாட்டுதல் சொன்னது இதுதான்: அவருடைய படிப்பு உன் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும். அதில் தேர்வு நடத்துகிறவர்கள் தரும் ஆளுக்குக் கணக்கு வேறு. அந்தத் தேர்வுக்கான குறைந்தபட்சத் தகுதியைவிட அவர் அதிகம் படித்திருக்கக் கூடாது. அதேசமயம் பத்தாவதாவது தேறியிருக்க வேண்டும்.

பி.காம். முடித்த, பார்வையில்லாத தங்கை ஒருத்தி எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வு எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் உதவ முன்வருகிறார்கள். எம்.எஸ்சி. படித்த பக்கத்து வீட்டு அக்கா கணக்கில் புலி, ஆனால் அவர் படிப்பு அதிகம், சரிப்படாது. கோச்சிங் சென்டர் தோழி நன்றாக வாசிப்பாள், ஆனால் அவளும் அதே தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஸ்க்ரைப்பாக வருகிறவர் அதே தேர்வின் தேர்வராக இருக்கக் கூடாது. தெரிந்தால் இரண்டு பேருக்குமே ஆபத்து. மூன்றாவது, கல்லூரி கடைசி வருஷப் பெண். தேர்வுக்கு முன்னால் ரிசல்ட் வந்துவிட்டால் அவளும் பட்டதாரி ஆகிவிடுவாள். நாலாவதாக வருகிறவள் ப்ளஸ் டூ முடித்து இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நானாக இருந்தால் அவளைத்தான் கூட்டிப்போவேன். அவள் வேறு யாருக்கும் இதே தேர்வில் வரச் சம்மதித்திருக்கிறாளா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன், ஏனென்றால் ஒரே ஆள் இரண்டு பேருக்கு எழுதுவதைப் பல தேர்வுகளில் ஏற்பதில்லை.

இதில் இவ்வளவு கறார் எதற்கு என்றால், நீ கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவத்தில் ஸ்க்ரைப்பின் படிப்பு எழுதப்படுகிறது. அது பொய் என்றும் உன் படிப்பைவிட அதிகம் என்றும் பின்னால் தெரிந்தால், வேலையில் எனக்குள்ள உரிமையை இழக்கிறேன் என்று நீயே எழுதிக்கொடுக்கிறாய். வேலையில் சேர்ந்த பிறகுகூட அது உன்னைத் துரத்தும். "எனக்கு ப்ளஸ் டூதான்" என்று வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதே. மதிப்பெண் பட்டியலை வாங்கி, நம்பகமான ஒருவரைப் பார்க்கச் சொல். அடையாள அட்டையிலும் படிவத்திலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று இன்னொருவரை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கேள்.

படிப்பு சரியாக அமைந்தால் பாதி வேலைதான் முடிந்தது. ஒரு மணி நேரத் தேர்வுக்கு உனக்குக் கூடுதலாக 20 நிமிஷம் உண்டு. தடுமாறி வாசிக்கிறவர் கிடைத்தால் அந்த 20 நிமிஷமும் வாசிப்பிலேயே போய்விடும். அதனால் முன்கூட்டியே பழைய வினாத்தாள் ஒன்றை வாசிக்கவைத்துப் பார். கதை போன்ற பத்தியைக் கொடுக்காதே, அதை யாரும் வாசித்துவிடுவார்கள். அடைப்புக்குறியும் பின்னமும் உள்ள கணக்கையும், அட்டவணைக் கேள்வியையும் கொடு. "a கூட்டல் b வகுத்தல் c" என்று அவள் வாசித்தால், c எதன் கீழே இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. "அடைப்புக்குள் a கூட்டல் b, அடைப்பு முடிந்தது, மொத்தமும் c-யால் வகுத்தல்" என்று வாசிக்கப் பழக்கு. அட்டவணையில் முதலில் தலைப்புகளைச் சொல்லி, பிறகு வரிசை வரிசையாக எண்களைச் சொல்லட்டும்.

விடை சொல்லும்போது எழுத்தை மட்டும் சொல்லாதே. பி, டி இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். "இரண்டாவது, நாற்பத்தைந்து" என்று சொல். அவள் திருப்பிச் சொல்லிவிட்டுக் குறிக்கட்டும். ரஃப் வேலையும் அப்படித்தான்: நீ சொல்லும் படிகளை மட்டுமே அவள் எழுத வேண்டும், அவளாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. பழகும்போது "அக்கா, அது தப்பு" என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டால், அங்கேயும் வாயில் வந்துவிடும். ஒரு சின்ன "ம்ஹூம்" கூடக் கண்காணிப்பாளர் காதில் உதவி என்று விழலாம். ஆரம்பத்திலிருந்தே தடுத்துவிடு.

தேர்வு நடத்துகிறவர்களின் ஆளைக் கேட்டிருந்தால், 2018 வழிகாட்டுதல்படி இரண்டு நாள் முன்னால் அவரைச் சந்தித்துப் பார்க்க உனக்கு உரிமை உண்டு. அவர் வாசிப்பு ஒத்துவராவிட்டால் அப்போதே சொல்லிவிட வேண்டும். நீயே கூட்டிப்போவதாக இருந்தால், இதே தகுதியில் இன்னொருவரையும் பேசி வை. அவசரத்தில் ஆளை மாற்ற வழிகாட்டுதல் இடம் தருகிறது. ஆனால் காலை ஆறு மணிக்குக் காய்ச்சல் என்று போன் வரும்போது, மாற்று ஆளின் சான்றிதழ் நகலும் புகைப்படமும் நிரப்பாத படிவமும் உன் பையில் இருக்க வேண்டும்.